ஒன்பது பறவைகள்



இங்கிலாந்தின் கேம்பிரிட்ஜ் மருத்துவர்கள் எழுதிய கட்டுரைகளில் ஏ.எம். என்ற இரண்டு எழுத்துகளால் மட்டும் குறிக்கப்படும் ஒருவரைப் பற்றி முதலில் சொல்கிறேன். அவர் வாரந்தோறும் கோல்ஃப் ஆடப் போவார். நண்பர்கள் எப்போது வந்து அழைத்துப் போவார்கள் என்பது அவருக்குச் சரியாக நினைவிருக்கும். வழி தவறியதே இல்லை. மருத்துவமனைக்கு முன்பு எப்போது வந்தீர்கள் என்று கேட்டால், மாதங்களை விரல்விட்டு எண்ணி, எப்போது வந்தார், அன்று தலையைப் படம் எடுத்தது, மூளையின் எந்தப் பக்கம் கெட்டிருக்கிறது என்று காட்டினார்கள் என்பது வரை சொல்வார். சொல்லும்போது பெயர்ச்சொற்கள் மட்டும் காணாமல் போயிருக்கும். ‘அது’, ‘இது’, ‘அந்தப் பக்கம்’ என்றே பேச்சு நகரும்.

அதே மனிதர் மழை பெய்தபோது குடையை விரிக்காமல், மடக்கியபடியே தலைக்கு மேல் கிடையாகப் பிடித்துக்கொண்டு போனார். ஏணி கொண்டுவரச் சொன்னால் புல்வெட்டும் இயந்திரத்தைக் கொண்டுவந்தார். மதுக் கோப்பையில் சர்க்கரை போட்டார். உறைபெட்டியிலிருந்து எடுத்து இளக வைத்திருந்த பச்சை சால்மன் மீனைத் தயிரோடு சேர்த்துத் தின்றார்.

குடையை எங்கே வைத்தோம் என்பது மறந்திருந்தால் நமக்கு அது விளங்கும். எல்லா வீட்டிலும் நடப்பதுதான். இவர் மறந்தது குடை என்றால் என்ன என்பதை. அதே சமயம் போன வாரம் நடந்தது, அடுத்த வாரம் நடக்கப்போவது இரண்டும் அவர் கையில் இருந்தன. இந்தப் பிளவு எப்படி நேர்கிறது, அதை எப்படிக் கண்டுகொள்வது என்பதே இன்றைய பேச்சு. நோயின் பெயர் செமான்டிக் டிமென்ஷியா. தமிழில் பொருளறிவு இழப்பு நோய் என்று சொல்லலாம்.

நினைவு என்ற ஒரே சொல்லால் நாம் இரண்டு வேறு வேறு காரியங்களைக் குறித்துவந்திருக்கிறோம் என்று 1972இல் கனடாவின் உளவியலாளர் எண்டல் டல்விங் எழுதினார். நேற்று மாலை மாடியில் நின்று மயில் ஒன்றைப் பார்த்தேன் என்பது ஒரு வகை நினைவு. அதற்கு நாள் உண்டு, இடம் உண்டு, ‘நான்’ உண்டு. மயில் ஒரு பறவை, அதற்கு நீளத் தோகை உண்டு என்பது இன்னொரு வகை. இதை எந்த நாளில், யார் சொல்லிக் கற்றோம் என்று நம்மில் ஒருவராலும் சொல்ல முடியாது. முதலாவதை நிகழ்வு நினைவு என்றும் இரண்டாவதைப் பொருள் நினைவு என்றும் வைத்துக்கொள்வோம்.

டல்விங் இதைக் கருத்தளவில் பிரித்துக் காட்டினார். மூன்றே ஆண்டுகளில், 1975இல், லண்டன் குயின் ஸ்கொயர் நரம்பியல் மருத்துவமனையில் எலிசபெத் வாரிங்டன் இந்தப் பிரிவை நோயாளிகளிடமே கண்டார். அவர் ஆராய்ந்த மூன்று பேருக்கும் பார்வை நன்றாக இருந்தது, பேச்சு சரளமாக இருந்தது, அறிவுக்கூர்மையும் பெரிதும் குறையவில்லை. பொருள்கள் என்ன என்பது மட்டும் போய்க்கொண்டிருந்தது. இந்த நோயாளிகளை மருத்துவம் அதற்கு முன்பு பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. பிராக் நகரத்து ஆர்னல்ட் பிக் 1892இலேயே இப்படி ஒருவரைப் பற்றி எழுதியிருக்கிறார். ஆனால் அது மொழிக்கோளாறு என்றும் பொதுவான முதுமை மறதி என்றும் பல பெயர்களுக்குள் சிதறிக் கிடந்தது. 1989இல் மான்செஸ்டரில் ஜூலி ஸ்னோடனும் சக ஆய்வாளர்களும் இப்போதைய பெயரைச் சூட்டினார்கள். 1992இல் கேம்பிரிட்ஜில் ஜான் ஹாட்ஜஸ், கேரலின் பேட்டர்சன் குழுவினர் நோயின் முழு உருவத்தை வரைந்து காட்டினார்கள்.

வரலாறு இவ்வளவு போதும். இனி நான் சற்று நேரம் நிற்க விரும்பும் இடத்துக்கு வருகிறேன்.

கேம்பிரிட்ஜ் குழுவினர் ஜே.எல். என்று குறிக்கும் இன்னொரு நோயாளியை ஆறு மாதத்துக்கு ஒருமுறை அழைத்து, அதே கோட்டுப் படங்களைக் காட்டி, இது என்ன என்று கேட்டார்கள். அந்தப் படங்களில் ஒன்பது பறவைகள் இருந்தன: கோழி, சேவல், வாத்து, அன்னம், கழுகு, நெருப்புக்கோழி, மயில், பென்குவின், இவற்றோடு இன்ன இனம் என்று சொல்ல முடியாத பொதுவான ஒரு சிறு பறவை. 1991 செப்டம்பரில் தொடங்கி 1993 மார்ச் வரை நான்கு முறை கேட்டார்கள். பதினெட்டு மாதத்துக்குள் ஒரு மனிதரின் உலகம் எந்த வரிசையில் கலைகிறது என்பதை அந்தப் பதில்களில் படிக்கலாம்.

முதல் முறை. கோழியைக் கோழி என்றார், வாத்தை வாத்து என்றார், அன்னத்தை அன்னம் என்றார், பொதுப் பறவையைப் பறவை என்றார். சேவலைக் கோழி என்றார். கழுகை வாத்து என்றார். மயிலையும் பென்குவினையும் வாத்து என்றார். நெருப்புக்கோழியை அன்னம் என்றார். தவறுகள்தான். ஆனால் எல்லாத் தவறும் பறவைக் கூட்டத்துக்குள்ளேயே நிற்கின்றன. குறைவாகப் பார்க்கும் பறவை, நன்றாகத் தெரிந்த பறவையின் பெயரை வாங்கிக்கொள்கிறது. கழுகு வாத்தாகிறது, வாத்து கழுகாவதில்லை.

இரண்டாம் முறை, 1992 மார்ச். கோழி மட்டும் தன் பெயரோடு நிற்கிறது. சேவலும் கோழிதான். மற்ற எல்லாம் ‘பறவை’. ஆறு மாதத்துக்கு முன் தெரிந்த வாத்தும் அன்னமும் இப்போது வெறும் பறவை. கேட்பவருக்கு, முன்பு செய்த தவறுகள் குறைந்திருப்பதாகக்கூடத் தோன்றலாம். கழுகைப் பறவை என்பது வாத்து என்பதைவிடச் சரியான பதில் அல்லவா? உண்மையில் அவர் ஒரு படி கீழே இறங்கியிருக்கிறார். வேறுபாடுகள் போய், பொதுமை மட்டும் எஞ்சியிருக்கிறது.

மூன்றாம் முறை, 1992 செப்டம்பர். கோழியும் ‘பறவை’ ஆகிவிட்டது. இன்னொன்றும் நடக்கிறது. நெருப்புக்கோழி, மயில், பென்குவின் மூன்றையும் ‘பூனை’ என்கிறார். ஏன் இந்த மூன்று? ஒன்று பறக்காது, உயரமாக நிற்கும். ஒன்றுக்குத் தோகை படத்தையே நிறைக்கும். ஒன்று நிமிர்ந்து நிற்கும், இறகு இறகாகவே தெரியாது. பறவை என்ற வகையின் நடுவில் இருப்பவை இன்னும் பறவையாக இருக்க, ஓரத்தில் இருப்பவை வேலியைத் தாண்டி வெளியே விழுந்துவிட்டன. விழுந்த இடத்தில் அவற்றைப் பிடித்துக்கொண்டது, பழகிய விலங்கான பூனை.

நான்காம் முறை, 1993 மார்ச். கோழி, அன்னம், நெருப்புக்கோழி, பொதுப் பறவை எல்லாம் ‘விலங்கு’. வாத்தும் சேவலும் ‘நாய்’. கழுகு ‘குதிரை’. பென்குவின் ‘ஏதோ விலங்கின் ஒரு பகுதி’. மயில் ‘வண்டி’.

மயிலை வண்டி என்றதை உளறல் என்றோ கவனக்குறைவு என்றோ தள்ளிவிடத் தோன்றும். அப்படித் தள்ளுவது தவறு. மயிலின் பயணத்தை மட்டும் வரிசையாகப் பாருங்கள்: வாத்து, பறவை, பூனை, வண்டி. முதலில் எந்தப் பறவை என்பது போகிறது. பிறகு அது பறவை என்பது போகிறது. கடைசியாக அது உயிருள்ளது என்பதே போகிறது. குழந்தைகள் உலகத்தைப் பகுத்தறியக் கற்பது ஏறக்குறைய இதற்கு எதிர்த்திசையில்: முதலில் உயிருள்ளவை, உயிரற்றவை என்ற பெரிய பிரிவு, பிறகு விலங்கு வகைகள், பிறகு ஒவ்வொரு இனம். கடைசியில் கற்றது முதலில் கழன்றுபோகிறது.

இந்த ஜே.எல். தன் வீட்டுக் கொல்லையில் ஒரு நத்தையைக் கண்டு பயந்தவர். ஆட்டைப் பார்த்து இது என்ன விநோதப் பிராணி என்று நினைத்தவர். ஆனால் தனக்குப் பிடித்த உணவகத்துக்குப் போகும் நாள் அவருக்கு மறக்கவில்லை. போகும் நேரம் வரட்டும் என்ற பொறுமையில்லாமல் வீட்டுக் கடிகாரங்களை முன்னால் தள்ளி வைத்தார். உணவகம் நினைவிருக்கிறது, போகவேண்டும் என்பது நினைவிருக்கிறது. கடிகாரத்தின் முள்ளுக்கும் உலகத்தின் நேரத்துக்கும் என்ன உறவு என்பது போய்விட்டது.

இங்கே ஒரு சந்தேகம் எழும். போனது பெயர்தானே, பொருள் இருக்கலாமே? நம் எல்லோருக்கும் பெயர் நாக்கு நுனியில் நின்றுவிடுகிறது. ‘அந்தத் தோகை விரிக்குமே, முருகனுக்கு வாகனமாக இருக்குமே’ என்று சுற்றி வளைத்துச் சொல்வோம். பெயரை யாராவது எடுத்துக் கொடுத்தால், ‘ஆமாம், மயில்’ என்போம். இந்த நோயில் அந்தச் சுற்றுவழியும் இல்லை. ‘மயில்’ என்று எடுத்துக் கொடுத்தால், அந்தச் சொல்லைத் தெளிவாகத் திருப்பிச் சொல்லிவிட்டு, ‘மயில்னா என்ன?’ என்று கேட்பார்கள். இந்த ஒரு கேள்வியை உங்கள் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். உச்சரிப்பு குறையில்லாமல் இருக்க, பழகிய சாதாரணச் சொல்லின் பொருளை ஒருவர் விசாரிக்கிறார் என்றால், அது வயதானால் வரும் பெயர் மறதி அல்ல.

சொல்லையே பயன்படுத்தாத சோதனைகளிலும் இதே குறை தெரிகிறது. பிரமிடின் படத்தைக் காட்டி, கீழே பனை இன மரம் ஒன்று, பைன் மரம் ஒன்று, இதில் எது அதோடு சேரும் என்று கேட்பது ஒரு சோதனை. விரலால் தொட்டுக் காட்டினால் போதும். அதில் இவர்கள் தடுமாறுகிறார்கள். வரையச் சொல்லும் சோதனை இன்னும் தெளிவு. வாத்தின் படத்தை முன்னால் வைத்துப் பார்த்து வரையச் சொன்னால் நன்றாக வரைகிறார்கள். கண்ணும் கையும் சரியாக இருக்கின்றன. படத்தை எடுத்துவிட்டு, பத்து வினாடி கழித்து வரையச் சொன்னால், வாத்துக்கு நான்கு கால் போட்டுவிடுகிறார்கள். ஒட்டகத்தை வரைந்தால் திமில் காணாமல் போகிறது. வாத்துக்கு இல்லாதது சேர்ந்துகொள்கிறது, ஒட்டகத்துக்கு உள்ளது கழன்றுகொள்கிறது. இரண்டும் ஒரே விதி. விலங்கு என்றால் பெரும்பாலும் எப்படி இருக்குமோ அந்தப் பொது உருவத்தை நோக்கி எல்லாம் நகர்கின்றன. யானைக்குச் சின்னக் காது வைத்த படம், பெரிய காது வைத்த படம் இரண்டையும் காட்டி எது நிஜம் என்று கேட்டால், சின்னக் காதைத் தொடுகிறவர்கள் உண்டு. பெரும்பாலான விலங்குகளுக்குக் காது சின்னதுதானே.

இனி மூளைக்குள் போவோம். காதுக்கு முன்னால், நெற்றிப்பொட்டின் உள்பக்கம் இருப்பது பொட்டு மடல். இரண்டு பக்கமும் உண்டு. இந்த நோயில் சுருங்குவது அதன் முன்முனையும் அடிப்பக்கமும். எம்.ஆர்.ஐ. படத்தில் மூளையின் மற்றப் பகுதிகள் ஓரளவு நிறைந்திருக்க, இந்த முன்முனை மட்டும் கத்தியால் செதுக்கியதுபோல் மெலிந்திருக்கும். அநேகமாக இடப்பக்கம் அதிகம், வலப்பக்கம் குறைவு. ஆனால் இரண்டு பக்கமும் பாதிக்கப்பட்டிருக்கும். வலப்பக்கம் அதிகமாகப் போனவர்களுக்கு, சொற்களுக்கு முன்பாகத் தெரிந்த முகங்கள் அந்நியமாகின்றன.

இந்த முனையின் வேலை என்ன? மயிலின் நிறம் ஓரிடத்தில், அகவல் ஓரிடத்தில், அசைவு ஓரிடத்தில், பெயர் ஓரிடத்தில் என்று மூளையில் பரவிக் கிடக்கிறது. பல ஊர்ப் பேருந்துகள் வந்து கூடும் நிலையத்தைப்போல, இவையெல்லாம் வந்து சேரும் ஒரு மையம் வேண்டும். அந்த மையம் இந்தப் பொட்டு மடல் முனை என்று பேட்டர்சன், பீட்டர் நெஸ்டர், டிமதி ராஜர்ஸ் மூவரும் 2007இல் வாதிட்டார்கள். ஜே.எல். பார்த்துச் சொன்னாலும், காதால் கேட்டாலும், கையால் தொட்டாலும் குறை ஒன்றாகவே இருந்திருக்கும் என்பதற்கு இந்த விளக்கம் பொருந்துகிறது. மையம் போனால் எந்த வாயில் வழியாக வந்தாலும் பொருள் கிடைக்காது.

இவ்வளவு முக்கியமான இடத்தை மருத்துவம் ஏன் இத்தனை காலம் கவனிக்கவில்லை? மொழியைப் பற்றிய பழைய மூளை வரைபடங்கள் பெரும்பாலும் பக்கவாத நோயாளிகளைப் பார்த்து வரையப்பட்டவை. பக்கவாதம் இரத்தக் குழாய்களின் பாதையில்தான் சேதம் செய்யும். இரண்டு பக்கப் பொட்டு முனைகளையும் ஒரே சமயத்தில் அது தாக்குவது மிக அரிது. வலிப்பு நோய்க்காக ஒரு பக்கத்து முனையை மட்டும் அறுவையில் எடுத்தவர்களுக்குப் பொருளறிவு இந்த அளவுக்குக் குலைவதில்லை. மறுபக்கம் தாங்கிக்கொள்கிறது. இரண்டு முனைகளும் மெல்ல மெல்லக் கரையும் நோயே இந்த இடத்தை நமக்குக் காட்டிக் கொடுத்தது.

இறந்தபின் அந்தத் திசுவை ஆராய்ந்தால், பெரும்பாலானவர்களிடம் டி.டி.பி.-43 என்ற புரதம் நரம்பணுக்களில் படிந்திருப்பது தெரிகிறது. அல்சைமர் நோயின் படிவுகள் இவை அல்ல. 2024இல், அந்தப் புரதத்தோடு அனெக்சின் ஏ11 என்ற இன்னொரு புரதமும் பின்னிப் பிணைந்து இழையாகியிருப்பது கண்டறியப்பட்டது. பரம்பரையாக வருவது மிக அரிது என்பதையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் பிள்ளைகள் முதலில் கேட்கும் கேள்வி அதுதான். ஐம்பதுகளின் பிற்பாதியிலும் அறுபதுகளிலும் தலைகாட்டும் நோய் இது. மெதுவாக நகரும். பத்தாண்டுக்கு மேலும் அதோடு வாழ்கிறவர்கள் பலர்.

அன்றாட நிகழ்வுகளின் நினைவு ஏன் தங்குகிறது என்பதில் ஒரு புதிர் உண்டு. புது நிகழ்வுகளைப் பதிவதில் ஹிப்போகாம்பஸ் என்ற உறுப்புக்குப் பெரிய பங்கு என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். அது பொட்டு மடலின் உள்புறத்திலேயே இருக்கிறது. அதன் முன்பகுதி இந்த நோயிலும் சுருங்குகிறது. அல்சைமர் நோயில் சுருங்கும் அளவுக்கே சுருங்குகிறது என்று அளந்தவர்கள் சொல்கிறார்கள். அப்படியானால் ஏ.எம்.முக்கு கோல்ஃப் நாள் எப்படி நினைவிருந்தது? ஹிப்போகாம்பஸ் தனியாக வேலை செய்வதில்லை. மூளையின் பின்பகுதியில், நடுக்கோட்டை ஒட்டி இருக்கும் சில பகுதிகளோடு சேர்ந்த ஒரு சுற்றாக அது இயங்குகிறது. அல்சைமரில் அந்தச் சுற்றின் பின்பகுதி தொடக்கத்திலேயே மங்குகிறது. இந்த நோயில் அது நெடுநாள் காப்பாற்றப்படுகிறது. இன்றைக்கு நம்மிடம் உள்ள நல்ல விளக்கம் இதுதான்.

ஆனால் ‘நிகழ்வு நினைவு தங்கியிருக்கிறது’ என்று சொல்லும்போது எச்சரிக்கை வேண்டும். சொற்பட்டியலைப் படித்துக் காட்டி, சற்று நேரம் கழித்துத் திருப்பிச் சொல்லச் சொன்னால் இவர்கள் மோசமாகத் தோற்கிறார்கள். பொருளில்லாத ஒலிகளின் பட்டியலைக் கொடுத்தால் நாமும்தான் தோற்போம். நினைவு மருத்துவமனைகளில் நடக்கும் பல சோதனைகள் சொற்களால் ஆனவை. எனவே மதிப்பெண்ணை மட்டும் பார்க்கிறவருக்கு இவர் அல்சைமர் நோயாளியாகத் தோன்றிவிடுவார்.

படங்களால் சோதித்தால் வேறொன்று தெரிகிறது. கேம்பிரிட்ஜில் கிம் கிரஹாம் குழுவினர் செய்த சோதனை அழகானது. பல பொருள்களின் வண்ணப் படங்களைக் காட்டினார்கள். பிறகு, முன்பு பார்த்தது எது என்று கேட்டார்கள். அதே படத்தைத் திரும்பக் காட்டியபோது, அந்தப் பொருள் என்னவென்றே தெரியாதவர்களும் ‘இதைப் பார்த்தேன்’ என்று சரியாகச் சொன்னார்கள். அடுத்து ஒரு மாற்றம் செய்தார்கள். முதலில் ஒரு தொலைபேசியைக் காட்டி, பிறகு வேறு வடிவத் தொலைபேசி ஒன்றைக் காட்டினார்கள். தொலைபேசி என்றால் என்ன என்பது இன்னும் தெரிந்தவருக்கு இதில் கஷ்டமில்லை. தெரியாதவருக்கு அது முன்பின் பாராத பொருள். ஆக, கண்ணில் பட்ட உருவத்தைப் பதிந்துகொள்ளும் திறன் இருக்கிறது. இரண்டு உருவங்களை ஒன்றாக்கும் பொருள் இல்லாதபோதுதான் நினைவு விட்டுப்போகிறது.

இன்னொரு தலைகீழையும் சொல்லவேண்டும். அல்சைமர் வந்த பாட்டி, இன்று காலை சாப்பிட்டதை மறந்துவிட்டு, தன் கல்யாணத்தில் யார் யார் வந்தார்கள் என்பதை விவரிப்பார். இதை நீங்கள் பார்த்திருப்பீர்கள். பொருளறிவு இழப்பில் வரிசை மாறுகிறது. ஸ்னோடனும், தனியாக கிரஹாமும் ஹாட்ஜஸும் கண்டது இது: கடைசிச் சில ஆண்டுகளின் சம்பவங்கள் தெளிவாக இருக்க, குழந்தைப் பருவமும் இளமையும் மங்கியிருந்தன. பழைய நிகழ்வுகள் காலப்போக்கில் ஹிப்போகாம்பஸை விட்டுவிட்டுப் புறணியில் தங்கிவிடுகின்றன, அந்தப் புறணிதான் இங்கே கரைகிறது என்பது அவர்கள் தந்த விளக்கம். இதை எல்லோரும் ஏற்கவில்லை. பழைய புகைப்படத்தைக் காட்டியோ, பொறுமையாக எடுத்துக் கொடுத்தோ கேட்டால் இளமை நினைவுகளும் வெளிவருகின்றன, சொல்லுவதற்குச் சொற்கள் இல்லாததே பாதி காரணம் என்று பிற்பாடு வந்த ஆய்வுகள் சில காட்டின. எனக்கு இரண்டாவது தரப்பில் நியாயம் அதிகம் தெரிகிறது. சொல் இழந்தவரிடம் சொல்லால் கேட்டுவிட்டு, நினைவில்லை என்று எழுதிவிடுவது எளிது.

இப்போது வீட்டில் இது எப்படித் தெரியும் என்று பார்ப்போம். நோயாளி சரளமாகப் பேசுவார். இலக்கணம் பிசகாது. ஆகவே நெடுநாள் யாருக்கும் சந்தேகம் வராது. கவனித்தால், ‘சாமான்’, ‘இடம்’, ‘அந்த இது’ என்பவை பேச்சில் பெருகியிருக்கும். ஒரு சின்ன உதாரணத்தைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். அப்பாவிடம், ‘அப்பா, கடையில வெந்தயம் வாங்கிட்டு வாங்க’ என்கிறாள் மகள். சாதாரண மறதிக்காரர் வாங்க மறந்து திரும்புவார். நடுத்தர அல்சைமர் நோயாளி தன்னிடம் சொன்னதையே மறந்திருப்பார். இந்த நோயுள்ளவர் வாசலிலேயே நின்று, ‘வெந்தயமா? அது எதும்மா?’ என்பார். மறுநாள், ‘நேத்து நீ ஏதோ ஒன்னு வாங்கச் சொன்னியே, எனக்குப் புரியல’ என்று அவரே நினைவுபடுத்துவார்.

வீட்டார் செய்யும் வழக்கமான தவறு, இதைக் கவனமின்மை என்று நினைப்பது. எல்லாத் தேதியும் சரியாகச் சொல்கிறவர், ரூபாய்க் கணக்கு பிசகாதவர், வெந்தயம் தெரியாது என்றால் வீம்பு என்றுதான் தோன்றும். எண்ணறிவு இந்த நோயில் நெடுநாள் தங்கும் என்பது உண்மை. வங்கியில் வேலை பார்த்து ஓய்வுபெற்ற ஒரு நோயாளி, சொற்களின் பொருளெல்லாம் போனபின்னும் கணக்குகளைச் சரியாகப் போட்டதை பிரையன் பட்டர்வொர்த் குழுவினர் பதிவு செய்திருக்கிறார்கள். எண் சரியாக இருப்பதை வைத்து மற்றதெல்லாம் சரி என்று முடிவுகட்டக் கூடாது. உணவில் திடீரென்று ஒரே பண்டத்தின்மீதும் இனிப்பின்மீதும் பிடிவாதம், நேரம் பார்த்துக்கொண்டே இருப்பது, அன்றாட ஒழுங்கு ஒரு நிமிடம் மாறினால் கோபம் ஆகியவை கூடவே வரலாம்.

மருத்துவரிடம் போகிறவர்களுக்கு ஒரு யோசனை. ‘மறதி அதிகமாயிருக்கு’ என்று மட்டும் சொல்லாதீர்கள். எந்தச் சொல்லுக்குப் பொருள் கேட்டார், எந்தப் பொருளைத் தவறாகப் பயன்படுத்தினார், அன்று நடந்தது மறுநாள் நினைவிருந்ததா என்று மூன்றையும் எழுதிக்கொண்டு போங்கள். இங்கிலாந்து மருத்துவர்களுக்கு இன்னொரு தடயம் உண்டு. ஆங்கிலத்தில் எழுத்தும் ஒலியும் ஒத்துப்போகாத சொற்கள் ஏராளம். இந்த நோயாளிகள் அவற்றை எழுத்து போகிற போக்கில் தப்பாக வாசிப்பார்கள். ‘பைன்ட்’ என்று ஒலிக்கவேண்டிய சொல்லைப் ‘பின்ட்’ என்பார்கள். ஜப்பானிய நோயாளிகள் சித்திர எழுத்துகளில் இதேபோல் தவறுகிறார்கள். தமிழில் எழுத்துக் கூட்டினால் ஒலி வந்துவிடுகிறது. எனவே நம் நோயாளி செய்தித்தாளைத் தங்குதடையில்லாமல் உரக்கப் படிப்பார் என்றே எதிர்பார்க்கவேண்டும். படிப்பதைக் கேட்டு ஆறுதல் அடைய வேண்டாம். படித்த வரியில் ஒரு பெயர்ச்சொல்லைத் தொட்டு, இது என்ன என்று கேளுங்கள்.

இதை நிறுத்தும் மருந்து இன்று இல்லை. அல்சைமருக்குத் தரும் மாத்திரைகள் இதில் பலன் தருவதில்லை. செய்யக்கூடியது வேறு வழியில் இருக்கிறது, அது நிகழ்வு நினைவு தங்கியிருக்கிறது என்பதிலிருந்தே வருகிறது.

நோயாளிகள் தங்கள் வாழ்க்கையில் இன்றைக்கும் புழங்கும் பெயர்களையும் இடங்களையும் பொருள்களையும், அதே அளவுக்குப் பொதுவான மற்றவற்றைவிட நன்றாக அறிகிறார்கள் என்று ஸ்னோடன் 1994இல் காட்டினார். தன் வீட்டுக் கெட்டிலை, அது இருக்கும் மேடைமேல் பார்த்தால் எடுத்துத் தண்ணீர் காய்ச்சுகிறவர், மருத்துவமனை மேசையில் வைத்த வேறொரு கெட்டிலை என்னவென்று அறியாமல் திருப்பிப் பார்க்கிறார். இந்த நோயுள்ளவர் இருக்கும் வீட்டில், பழைய டம்ளரைத் தூக்கிப்போட்டுவிட்டுப் புது வடிவ டம்ளர் வாங்குவதும், சமையலறையைப் புதுப்பிப்பதும், ‘மாற்றம் நல்லது’ என்று இன்னொரு மகன் வீட்டுக்கு மாற்றி மாற்றி அனுப்புவதும் அவரிடம் எஞ்சியுள்ள பொருளறிவைப் பறிப்பதாகும்.

இழந்த சொற்களைத் திரும்பக் கற்கவும் முடிகிறது. டி.எம். என்று கட்டுரைகளில் வரும் ஒருவர், வகைவாரியாகச் சொற்களை எழுதி வைத்துக்கொண்டு நாள்தோறும் வீட்டில் பயின்றார். சோதித்தபோது பயின்ற சொற்களின் எண்ணிக்கை பெரிதும் உயர்ந்திருந்தது. அவர் அவற்றைத் தான் எழுதிவைத்த வரிசையிலேயே சொல்ல முற்பட்டார் என்பதையும் ஆய்வாளர்கள் குறித்தார்கள். அதாவது அவை பொருளாக அல்ல, ஒரு பட்டியலின் நினைவாகத் திரும்பியிருந்தன. பயிற்சியை நிறுத்தியதும் சொற்கள் விரைவில் நழுவின. பயிலாத சொற்களுக்கு இந்தப் பயிற்சியால் எந்த லாபமும் இல்லை.

ஆகவே எதைப் பயில்வது என்பதைக் கவனமாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். விற்பனைக்கு வரும் படப் புத்தகத்தில் உள்ள பென்குவினும் நெருப்புக்கோழியும் வேண்டாம். அவர் தினமும் தொடும் பொருள்கள், தினமும் பார்க்கும் மனிதர்கள், சாப்பிட்டு மகிழும் பண்டங்கள் போதும். ஒவ்வொன்றையும் அவர் வீட்டிலேயே, அது இருக்கும் இடத்திலேயே படமெடுங்கள். படத்தின் கீழே பெயரும், அது எதற்கு என்ற ஒரு சிறு வரியும் எழுதுங்கள். ஒரே நேரத்தில் அதிகம் கொடுக்க வேண்டாம். படத்தைப் பார்த்து, பெயரைக் கேட்டு, தானே சொல்லி, அந்தப் பொருளைக் கையில் எடுத்துப் பயன்படுத்தட்டும். சொல்லின் பொருள் முழுதாகப் போய்விட்ட பிறகு தொடங்குவதைவிட, கொஞ்சம் மிச்சம் இருக்கும்போதே தொடங்கினால் நெடுநாள் நிற்கும். படத்தின் வரிசையை அவ்வப்போது கலைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் டி.எம். செய்ததுபோல வரிசை மட்டும்தான் மனத்தில் தங்கும். வெந்தயத்துக்கு, மளிகைக் கடைப் பொட்டலத்தின் படம் வேண்டாம். உங்கள் அஞ்சறைப் பெட்டியைத் திறந்து, வெந்தயம் இருக்கும் அந்தக் கிண்ணத்தைப் படமெடுங்கள். அதன்பிறகு அந்தக் கிண்ணத்தின் இடத்தை மாற்றாதீர்கள்.